நாற்பதில் தொடங்கிய பேரம்

கோட்டாறு கடைத்தெருவில் பிறந்தவன் எவனும் தனக்கு வேண்டிய விலையை முதலில் சொல்லமாட்டான். சொன்னால் அவனைக் கடைத்தெருவே ஒரு மாதிரிப் பார்க்கும். வேண்டியதற்கு இருமடங்கில் தொடங்கி, தலையில் அடித்து, தெய்வத்தைக் கூப்பிட்டு, எழுந்துபோகிற மாதிரி எழுந்து, கடைசியில் பாதியில் வந்து உட்கார வேண்டும். அதுதான் மரியாதை.

ஆகவே அமெரிக்க ஏரிக்கரை நகரம் ஒன்றில், 1954-ஆம் வருஷத்து மார்கழியில், அந்நிய மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அம்மையார், "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய அனுமதி கேட்கிறாய்?" என்றதும் வைகுண்டராஜன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"நாற்பது."

அம்மையாரின் பேனா நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. தோவாளைப் பூக்காரர்கள் ஆகாயத்தில் உட்கார்ந்து கூடை கூடையாய்ப் பிச்சிப்பூவைக் கொட்டுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. காலையிலிருந்து வயிற்றில் ஒரு ரொட்டித் துண்டுதான். பசித்தவனுக்கு எல்லாம் கொஞ்சம் மிதக்கும்.

"நாற்பது மணி வேலை செய்தால் படிப்பது எப்போது?"

பேரம் தொடங்கிவிட்டது என்று வைகுண்டராஜனுக்குச் சந்தோஷம். "முப்பத்தைந்து என்றாலும் சம்மதம்."

"என்ன?"

"சரி, முப்பது. அதற்குக் கீழே போனால் எனக்குக் கட்டாது, அம்மா."

அவன் இறங்க இறங்க அம்மையாரின் முகமும் இறுகிக்கொண்டே போயிற்று. ஊராக இருந்தால் இந்நேரம் எதிராளி சிரித்திருப்பார், காப்பி வந்திருக்கும். இந்த அம்மையாரோ கோப்பை மூடிவிட்டார்.

"மிஸ்டர் ராஜன், நீ வந்திருப்பது படிப்பதற்கான விசாவில். முழுப் பாடமும் எடுத்தாக வேண்டும். இங்கே வந்த பிறகு எதிர்பாராத கஷ்டம் வந்தால், படிப்பு கெடாத அளவுக்குப் பகுதிநேர வேலைக்கு அனுமதி கேட்கலாம். நான் சிபாரிசு செய்வேன், குடியேற்ற அலுவலகம் முடிவு செய்யும். பாடம் நடக்கும் காலத்தில் இந்தக் கல்லூரி இருபது மணிக்கு மேல் சிபாரிசு செய்வதில்லை. உன் பேச்சைக் கேட்டால் படிக்க வந்தவன் மாதிரி இல்லை. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா. அதற்குள் எதற்காக இங்கே வந்தாய் என்று யோசித்து வை."

படியில் காத்திருந்த சைபுதீன் விஷயத்தைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தான். கோட்டாற்றை ஒட்டிய இடலாக்குடிக்காரன். ஒரு வருஷம் முன்னால் வந்து, அனுமதி வாங்கி, கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன்.

"எலேய் வைகுண்டா! சட்டம் என்ன கருவாடாடே, நாலு கடை ஏறி இறங்கி விலை கேக்கதுக்கு? அது மாவேலி மன்னன் குடுத்த வாக்கு மாதிரி. சொன்னா சொன்னதுதான்."

"நீ முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கவர்மென்டுகிட்டயே பேரம் பேசுவேன்னு நான் கனவா கண்டேன்?"

சிரிப்பின் பாதியில் சைபுதீன் நிறுத்திக்கொண்டான். நிலைமை அவனுக்கும் தெரியும். ஐப்பசியில் வைகுண்டராஜனின் அப்பா கொப்பரை சேர்த்து வைத்திருந்த கிட்டங்கி சரக்கோடு தீப்பிடித்துப்போயிற்று. ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் அத்தோடு நின்றது. அனுமதி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய முடியாது. பதியாதவன் மாணவன் இல்லை. மாணவன் இல்லாதவன் கப்பல் ஏற வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் கால் போன போக்கில் நடந்தபோது ஒரு வாசனை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. வறுத்த தேங்காயும் புளியும் கறிவேப்பிலையும். பனிக்குள்ளே ஊர்த் தீயல் குழம்பு வாசனை! மாயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தான். தெருவிளக்குகள் தெப்பக்குளத்து அகல்விளக்குகளாய் மங்கின. வாசனை ஒரு சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிக் கதவில் போய் முடிந்தது. உள்ளே வடசேரிக்காரர் முத்துநாயகம், தோளில் துண்டோடு நின்றார். எந்தக் காலத்திலோ கப்பலில் எடுபிடியாக வந்து, துறைமுகத்தில் இறங்கி, திரும்ப ஏறாமல் விட்டவர் என்று மாணவர்களுக்குள் பேச்சு.

"நீ கோட்டாறு கொப்பரைக் கடைக்காரர் மகனா? அட, நம்ம பிள்ளை! இரி மக்கா, தின்னு."

முதல் உருண்டைச் சோறு தொண்டையில் இறங்கியபோது வைகுண்டராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டார். ஊரில் மாட்டுச் சந்தையில் செய்கிற வழக்கம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். வெளியே நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும்.

முத்துநாயகம் விரல்களை அழுத்தினார். சம்பளம் குறைவு, மிகக் குறைவு. பிறகு எல்லா விரல்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்கு. நேரத்துக்குக் கணக்கில்லை என்று அர்த்தம்.

"அனுமதி, காகிதம் ஒண்ணும் வேண்டாம், கேட்டியா? நம்ம ஆளுக்குள்ள எதுக்கு அதெல்லாம்? சனிக்கிழமை வா. பாஸ்போர்ட்டை இங்க வச்சிரு, பத்திரமா இருக்கும். இங்க களவாணிப்பய ஜாஸ்தி."

அரசாங்கத்திடம் நாற்பதில் தொடங்கியவன், இங்கே ஒரு விரலைக்கூடத் திருப்பி அழுத்தவில்லை. சோறு போட்ட கையிடம் எப்படிப் பேரம் பேசுவது? அதுவும் "மக்கா" என்று கூப்பிட்ட கையிடம்? கோட்டுப் பையிலிருந்த பாஸ்போர்ட் கைமாறியது. அம்மையார் சொன்ன திங்கட்கிழமை அப்போது நினைவுக்கு வரவில்லை. துண்டு அவர் தோளுக்குத் திரும்பியது. வெளியே வந்த பிறகுதான், தீயல் வாசனை போய்க் குளிர் உறைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் போனான். அடுக்களை முழுதும் ஆவி. பேச்சிப்பாறை அணைக்கு மேலே விடியலில் மஞ்சு இறங்குகிற மாதிரி வெள்ளையாய்த் திரண்டு, சட்டிகளையும் அலமாரிகளையும் விழுங்கிவிட்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் ஒரு மனுஷன் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றான். கை சுற்றிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. நின்றபடியே உறங்குகிறான். ஆனால் ஒரு தட்டுகூடக் கீழே விழவில்லை.

"அண்ணே," என்றான் வைகுண்டராஜன் மெதுவாக.

கண் திறந்தது. "இன்னைக்கு என்ன கிழமை மக்கா?"

"சனி."

"போன சனியா, இந்தச் சனியா?"

பெயர் கபிரியேல். குளச்சல்காரன். பொறியியல் படிக்க வந்தவன். தட்டைச் சுழற்றிக்கொண்டே, கனவில் பேசுகிறவன் மாதிரி சொன்னான்.

"முதல்ல சனி ஞாயிறுன்னு சொன்னாரு. அப்புறம் ஒரு ஆளு வரல்லன்னு புதன். பொறவு எல்லா நாளும். வகுப்புக்குப் போனா உறக்கம் வரும். போகாம விட்டேன். காலேஜில பேரை வெட்டிட்டாங்க. இப்ப சம்பளம் கேட்டா, 'காகிதம் இல்லாத பய, குடியேற்ற ஆபீசில சொல்லட்டுமா?'ங்காரு. பாஸ்போர்ட்டும் அவருகிட்ட." கொஞ்சம் யோசித்துச் சிரித்தான். "ஆனா தீயல் நல்லா இருக்கும் பாத்துக்க."

வைகுண்டராஜன் கையில் கத்தி இருந்தது. முன்னால் ஒரு சாக்கு வெங்காயம். ஆவிக்குள் அவனுக்கு ஒரு காட்சி தெரிந்தது. தொட்டியின் முன்னால் கண்மூடி நிற்கிற முகம் மெல்லக் கலைந்து, தன் முகமாகி, மறுபடியும் கபிரியேலின் முகமாகியது. அப்பா கிட்டங்கி சாம்பலில் நின்றுகொண்டு, "ஏலே, சரக்கைப் பாக்காம கை கொடுத்தியா?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. வெங்காயத்தைத் தொடாமலே கத்தியை வைத்தான். கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்து மடித்து அதன் மேல் வைத்தான்.

முன்கூடத்தில் இரண்டு மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துநாயகம் கல்லாவில் இருந்தார்.

"அண்ணாச்சி, துண்டைப் போடுங்க."

"எதுக்குடே? அதான் அன்னைக்கே முடிஞ்சுல்லா?"

"அன்னைக்கு நீங்க பேசினீங்க, நான் தின்னேன். இன்னைக்கு நான் பேசணும்."

அவருக்குச் சிரிப்பு. பையன் கடைசியில் கோட்டாற்றுக்காரன்தான் என்று ஒரு பெருமைகூட. துண்டு விழுந்தது. வைகுண்டராஜன் துண்டுக்கு அடியில் அவர் விரல் எதையும் பிடிக்கவில்லை. கையை விரித்து அவர் உள்ளங்கைமேல் வைத்தான். சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம், பேரம் முறிந்தது.

துண்டுக்கு மேலே முகத்தில் பால் வடிய, மெல்லிய குரலில் பேசினான். "திங்கக்கிழமை எங்க காலேஜ் அம்மாகிட்ட பாஸ்போர்ட்டைக் காட்டணும் அண்ணாச்சி. இல்லேன்னா எங்கேன்னு கேப்பா. எனக்கு வியாபாரத்தில பொய் வரும், ஆபீசில வராது. உங்க கடையில பத்திரமா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

"சொன்னா?"

"சொன்னா யாராவது பாக்க வருவாங்க. வந்தா என்ன, ஒரு காப்பி குடுங்க. உங்க காகிதமெல்லாம் சுத்தமாத்தானே இருக்கும்?"

அடியில் இருந்த முத்துநாயகத்தின் கை சில்லிட்டது. மீன்சந்தைப் பனிக்கட்டியைத் தொட்டது போல இருந்தது. துண்டை அவன் கைமேலேயே விட்டுவிட்டு உள்ளே போனார், வந்தார். துண்டுக்கு அடியில் தடித்த அட்டை ஒன்று வைகுண்டராஜனின் கைக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணுக்குத் துண்டு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

கையை அவன் எடுக்கவில்லை. "ஒண்ணா அண்ணாச்சி? ஜோடிச் சரக்குல்லா. குளச்சல்காரருடையதும் இருக்கே."

"நீ கொப்பரைக்காரன் மகன் இல்லடே," முத்துநாயகம் பல்லுக்குள் சொன்னார். "தேள்காரன் மகன்." ஆனாலும் மறுபடி உள்ளே போனார்.

திங்கட்கிழமையும் பனி. அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "சரி. எத்தனை மணி?"

பழக்கதோஷத்தில் 'நாற்பது' வைகுண்டராஜனின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினான். கிட்டங்கி எரிந்ததைச் சொன்னான். ஊரிலிருந்து வந்த கடிதத்தையும், குறையாத தன் மதிப்பெண்களையும் காட்டினான். நாற்பது கேட்டது ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான்: "எங்கள் ஊரில் முதல் விலையைச் சொல்கிறவனும் நம்பமாட்டான், கேட்கிறவனும் நம்பமாட்டான். இங்கே நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியாது."

அம்மையாரின் தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

"அப்படியானால் உண்மையான விலை?"

"நீங்கள் தருகிற இருபது. தேர்வு வாரத்தில் அதுவும் வேண்டாம்."

"சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது. சிபாரிசு எழுதுகிறேன். அலுவலகத்திலிருந்து பதில் வரும்வரை ஒரு கரண்டியைக்கூடத் தொடக்கூடாது. அடுத்த பருவக் கட்டணத்துக்குத் தவணை கேட்டுப் பார்க்கிறேன்."

'தவணை' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் உடம்பில் ஒரு துடிப்பு ஓடியது. எத்தனை தவணை என்று கேட்க வாய் திறந்தான். மூடிக்கொண்டான். பனி ஜன்னலில் பிச்சிப்பூவாய்ப் படிந்துகொண்டிருந்தது. வயிற்றில் பசி இருந்தது. இருந்தும் நாற்காலி, மேசை எல்லாம் தரையில் நின்றன, எதுவும் மிதக்கவில்லை.

கதவுக் கண்ணாடி வழியே அம்மையார் எட்டிப் பார்த்தார். வெளி பெஞ்சில் ஒருவன் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, உட்கார்ந்தே உறங்கிக்கொண்டிருந்தான்.

"அது யார்?"

"எங்கள் பக்கத்துக்காரர். இந்தக் கல்லூரியில்தான் படித்தார். மறுபடி சேர வழி உண்டா என்று கேட்க வந்திருக்கிறார்." வைகுண்டராஜன் எழுந்தான். "அவர் மீன்பிடிக்கிற ஊர், அம்மா. நாற்பதில் தொடங்க அவருக்குத் தெரியாது. கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவார். கொஞ்சம் மெதுவாக மட்டும் எழுப்புங்கள்."