பக்கம் ஏழு: தாரை வார்த்தல்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுவது நல்லது. எரிகிற விளக்கின் மேல் கைவைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். செருப்பு வாசலில்தான் இருக்கிறது.

பஸ் டிப்போவில் நேரக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த அந்த அம்மாளை ஓட்டுநர்கள் மணிக்கூண்டு என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே அல்ல. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எது எந்த மேடையில் நிற்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகை எழுதுவது அவள் வேலை. அவள் 'வரிசையில் நிற்கவும்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினால் தெருநாய்கள்கூட ஒன்றன்பின் ஒன்றாக நின்று பிஸ்கட் வாங்கிக்கொண்டு போகும். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அதனால்தான் மகள் தன் கல்யாணக் கையேட்டை அம்மாவிடம் ஒப்படைத்தாள். மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்களில் பாதிப்பேர் இப்படி ஒரு கல்யாணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எப்போது எழுந்து நிற்பது, எப்போது வாயை மூடுவது, மேடையில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று ஆளுக்கொரு கேள்வி.

"நீ எழுதும்மா. நீ எழுதினா ஜனங்க கேப்பாங்க" என்றாள் மகள்.

மணிக்கூண்டு கையேட்டைப் பலகை எழுதுவதுபோலவே எழுதினாள். ஒவ்வொரு சடங்குக்கும் நான்கு விஷயம்: என்ன நடக்கிறது, யார் செய்கிறார், என்ன பொருள், விருந்தினர் என்ன செய்ய வேண்டும். வரிசை புரோகிதருக்குப் புரோகிதர் மாறும் என்பதால் முதலில் அவருக்குப் போன் போட்டு வரிசையை உறுதி செய்துகொண்டாள். விளக்கேற்றுதல். மாலை மாற்றுதல்: இருவரும் மனமொப்பி ஏற்றுக்கொள்வதன் அடையாளம்; விருந்தினர் சிரிக்கலாம், கைதட்டலாம். தாரை வார்த்தல். அடுத்து மணமகள் கூறைப்புடவை மாற்றி வருவது. அந்த இடத்தில் அவள் எழுதியது: 'இதற்குச் சற்று நேரம் ஆகும். இது இடைவேளை அல்ல. சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்காது.' பிறகு தாலி கட்டுதல்: மேளம் உச்சத்துக்குப் போகும், அந்த நேரத்தில் எந்த அபசகுனமான சொல்லும் காதில் விழக்கூடாது என்பதற்காகவே அந்தச் சத்தம், விருந்தினர் கையிலுள்ள அட்சதையைத் தூவவும், கேமராக்காரரின் கண்ணில் அல்ல. பிறகு தீயை வலம்வருதல், ஏழு அடி, அம்மி மிதித்தல். கல்லைப்போல உறுதியாக நில் என்று பொருள். கடைசியில் அருந்ததி பார்த்தல்: 'பகலில் நட்சத்திரம் தெரியாது. கூரைக்குள் சுத்தமாகத் தெரியாது. தெரிவதாகத் தலையாட்டுவது மரபு.'

இதுவரை ஒரு தகராறும் இல்லை. தகராறு ஏழாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பெண்ணின் அப்பா, காருக்கு ஸ்டெப்னி வாங்கிவரப் போகிறேன் என்று போனவர். பெண்ணுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்த வாரம் திரும்பி வந்தார். ஸ்டெப்னி இல்லாமல். வந்தவர் தம் அக்கா வீட்டில் இறங்கினார். அக்காளோ, அதாவது மணிக்கூண்டின் நாத்தனார், தம்பியைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, சட்டை தேய்த்துக் கொடுத்து, நேரே கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நின்றாள்.

"தாரை வார்க்கறது அப்பன்காரன். அதை மட்டும் சரியா எழுதிடு. அப்புறம் அவன் போட்டோவோட ஒரு பக்கம், 'தந்தையின் உரை'ன்னு. நானே எழுதிக் கொண்டாந்துட்டேன்."

மணிக்கூண்டு தலை நிமிரவில்லை. "என்ன உரை அண்ணி? இத்தன வருஷமா எந்தெந்த ஊர்ல டயர் தேடினார்னா?"

"குத்திக் காட்டாத. ஆம்பளைன்னா அப்படி இப்படி இருப்பான். உசிரோட இருக்கற அப்பன் கீழ உக்காந்திருக்க, நீ மட்டும் மேடையில நின்னா மாப்பிள்ள வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"நிக்கறேன்னு நினைப்பாங்க."

இருந்தாலும் அச்சகக்காரரைப் போனில் கேட்டாள். அவர் சொன்னார்: "ஒரு பக்கம் சேக்க முடியாதும்மா. நடுவுல பின் அடிக்கற புத்தகம் நாலு நாலாத்தான் வளரும். பன்னெண்டுக்கு அப்புறம் பதினாறு. இல்லன்னா ஏதாவது ஒண்ண எடுக்கணும்."

போனின் ஒலிபெருக்கி வழியே எல்லாம் நாத்தனாருக்குக் கேட்டது. "அப்ப அந்த ஏழாம் பக்கத்தை எடுத்துடு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தறதுக்கு முழுப் பக்கமா? போட்டோவுக்குக் கீழ ஒரு வரி போட்டா போதும்."

அந்த அறையின் மின்விசிறி அப்போது நின்றுபோனது. மின்சாரம் இருந்தது, விசிறி பயந்துவிட்டது என்று டிப்போவின் எலெக்ட்ரீஷியன் பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். மணிக்கூண்டின் மேசையில் ஆறிப்போயிருந்த டீ மறுபடி கொதித்தது.

ஒரு சொம்புத் தண்ணீர். அந்தப் பெண் இந்த மேசைக்கு அடியில் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். ஜுரத்தில் இந்தத் தரையில்தான் வாந்தி எடுத்தாள். கை ஒடிந்தபோது ஆஸ்பத்திரியில் 'அப்பா கையெழுத்து' என்று நீட்டிய தாளில் மணிக்கூண்டு தன் கையெழுத்தைப் போட்டாள். எழுத்து தாளைக் கிழித்துக்கொண்டு அட்டையில் பதிந்தது. இப்போது மேடையில் அவள் கையைப் பிடித்துக் கொடுக்க மட்டும் ஒருவர் தேய்த்த சட்டையோடு வந்திருக்கிறார்.

"வேலை இருக்கு அண்ணி. மூணாவது மேடை வண்டி கிளம்பணும்" என்றாள்.

நாத்தனார் போனதும் புரோகிதரை அழைத்தாள். வார நாட்களில் கணக்காளராக இருக்கும் அவர், ஏதோ கூட்டலின் நடுவே பேசினார்.

"சாமி, தாரை வார்க்கறப்ப யார் என்ன செய்யணும்? அலங்காரம் வேண்டாம், நடக்கறதச் சொல்லுங்க."

"அப்பா பொண்ணோட கையை எடுத்து மாப்பிள்ள கைமேல வச்சுப் பிடிச்சுக்குவார். அம்மா சொம்புலேர்ந்து அந்தக் கைமேல தண்ணி விடணும். இன்னாரோட மகள், இன்னாரோட பேத்தின்னு நான் சொல்லுவேன். தண்ணி விழுந்தாத்தான் கொடுத்ததாக் கணக்கு. விழாத வரைக்கும் வெறும் கைப்பிடிதான்."

"ஒருத்தர்தான் இருக்காங்கன்னா?"

"வளத்தவங்க யாரோ அவங்க. ஒரு கையால பிடிச்சு இன்னொரு கையால விடுங்க. நான் மந்திரம் சொல்றவன்மா. யார் நிக்கணும்னு உங்க வீட்லதான் முடிவு பண்ணணும்."

மணிக்கூண்டு ஏழாம் பக்கத்தை எழுதினாள். பேனா முனை இரண்டு முறை ஒடிந்தது. 'மணமகளை வளர்த்தவர் அவள் கையை மணமகனின் கைமேல் வைத்து நீர் வார்ப்பார். பொருள்: இத்தனை நாள் நான் காத்தேன், இனி நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொள்ளுங்கள். நீர் விழும்வரை எதுவும் முடிவாகாது. விருந்தினர் செய்ய வேண்டியது: எழுந்து நிற்கவும். வேறு யாராவது குறுக்கே கைநீட்டினால், அவர் இருக்கைக்குத் திரும்பும் வரை அவர்மீது அட்சதை தூவவும். இதற்கென ஒரு பிடி தனியாகக் கொடுக்கப்படும்.'

மகளிடம் படித்துக் காட்டினாள். மகள் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தாள்.

"அவர் முன்வரிசையில உக்காரட்டும்மா. சாப்பிட்டுப் போகட்டும். ஆனா என் கையைப் பிடிச்சுக் கொடுக்கறது உன் கைதான்."

"அழாத. அச்சுக்குப் போகணும், ஈரமாயிடும்."

நாத்தனார் சும்மா இருப்பாளா? அச்சகத்துக்கே போய் ஏழாம் பக்கத்தை மாற்றச் சொன்னாள். 'தந்தை வார்ப்பார்' என்று பேனாவால் திருத்தியும் கொடுத்தாள். அச்சகக்காரர் மணிக்கூண்டுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, ரெண்டு விதமா இருக்கே. எதை அடிக்க?"

"ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப அதை அடிங்க. இன்னொண்ணை டீ கப்புக்கு அடியில வைங்க."

கல்யாணத்தன்று கூடம் நிறைந்து வழிந்தது. மாலை மாற்றும்போது விருந்தினர் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அடுத்தது தாரை. மணமகள் கை நீட்டினாள். மாப்பிள்ளை தன் கையைக் கீழே தாங்கிப் பிடித்தான். மணிக்கூண்டு செம்பை எடுத்தாள். அப்போதுதான் நாத்தனார் தம்பியின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். தேய்த்த சட்டை மேடை ஏறியது.

"கொஞ்சம் தள்ளிக்கறியா? நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அவர், நேற்றுத்தான் கடைக்குப் போய் வந்தவர்போல.

கூடம் முழுவதும் ஒரே அசைவாக எழுந்தது. ஒரு சத்தமில்லை. மாப்பிள்ளையின் அலுவலகத் தோழர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் பழகியவர்கள். முதல் பிடி அவர்களிடமிருந்துதான் வந்தது. பிறகு நடுவரிசை. பிறகு பால்கனி. மஞ்சள் அரிசி மெதுவாக, மரியாதையாக, நிற்காமல் விழுந்தது. அவர் நீட்டிய உள்ளங்கை முதலில் நிறைந்தது. பிறகு சட்டைப்பை. கணுக்கால் மறைந்தது, முழங்கால் மறைந்தது. எழுந்து நின்று தூவியவர்களில் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருத்தி. இரண்டு கையாலும் தூவினாள்.

"இவங்கெல்லாம் என்ன பண்றாங்க?" என்று இடுப்பளவு அரிசியில் நின்றபடி கேட்டார் அவர்.

"படிச்சதைச் செய்யறாங்க" என்றாள் மணிக்கூண்டு. "என் பொண்ணு கை ஒடிஞ்சப்ப எந்தக் கைன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் மகளின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அரிசியை நீந்திக் கடந்து, முன்வரிசையில் தன் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தார். அட்சதை நின்றது.

மணிக்கூண்டு மகளின் இடது கையை, ஒடிந்து சேர்ந்த இடத்தில் இன்னும் லேசாகக் கோணியிருக்கும் அந்த மணிக்கட்டை, ஒரு முறை தடவினாள். அதை விட்டுவிட்டு வலது கையை எடுத்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்துப் பிடித்தாள். இன்னாருடைய மகள் என்று புரோகிதர் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த அம்மாளின் பெயரைத்தான் சொன்னார். அவள் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மூன்று கைகளையும் நனைத்துக்கொண்டு தாம்பாளத்தில் விழுந்தது. கோபம் மட்டும் அதோடு போகவில்லை. அது இன்னும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. டிப்போவில் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புவது அதனால்தான்.

அரிசியை அள்ள நான்கு பேர் வேண்டியிருந்தது. ஏழாம் பக்கத்தைப் படித்த ஒவ்வொருவரும் இதற்குச் சாட்சி.

கையேடுகள் அச்சகத்திலிருந்து டிப்போவுக்கு வந்து இறங்கியது கல்யாணத்துக்கு மறுநாள் காலையில். கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.