மழை மாத வாடகை

பெயிண்ட் கடைக்காரர் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்காகக் கடைச் சொந்தக்காரி வீட்டு வாசலுக்கு இரண்டு முறை போய்விட்டார். இரண்டு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். முதல் முறை கடை ஷட்டரில் துருப் பிடித்திருப்பதைச் சொன்னார். அடுத்த முறை போனது முதல் தேதி. பையில் இருந்த வாடகைப் பணம் முழுவதையும் எடுத்துக் கொடுத்து, ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, படி இறங்கிவிட்டார்.

“குறைக்கச் சொல்லப் போன ஆளு முழுசா கட்டிட்டு வந்து நிக்கிறீங்க. நல்லா இருக்கு” என்றாள் மனைவி.

பதினோரு வருடமாக அதே கடை. ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. அந்தப் பெருமைதான் இப்போது குறுக்கே நின்றது. வாங்கிய பெயரை வாயால் கெடுத்துக்கொள்வது போல இருந்தது.

ஆனால் மழை இவருடைய பெருமையைப் பார்த்தா பெய்கிறது? மழைக்காலத்தில் யாரும் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லை. ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது, உரிந்து வந்துவிடும். மழை வருடா வருடம் வருவதுதான். மற்ற வருடங்களில் கோடையில் சேர்த்ததை வைத்து மழையைக் கடத்திவிடுவார். இந்த வருடம் கோடையில் சேர்த்தது கலர் கலக்கும் மெஷினின் தவணைக்குப் போய்விட்டது. மழையும் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. பெயிண்டர்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்தி, வேறு கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பிரஷ், கால் லிட்டர் டர்பன்டைன், ஒழுகும் கூரையில் பூசும் பசை இரண்டு டப்பா. அவ்வளவுதான் வியாபாரம்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரி ஓய்வு பெற்ற நர்ஸ். அறுபத்தாறு வயது. தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். முப்பத்து நான்கு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, கடைசியில் கைக்கு வந்த தொகையோடு பேங்கில் லோனும் போட்டு, வரிசையாக மூன்று கடை கட்டினார். ஒன்றில் மருந்துக்கடை, நடுவில் பெயிண்ட் கடை, மூன்றாவதில் ஒரு தையல்காரர் இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன்பு தையல்காரர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்த ஷட்டர் இறங்கியே கிடக்கிறது.

மூன்றாம் முறை கிளம்பும்போது மனைவி ஒரு கவரைக் கையில் திணித்தாள். அதில் விற்பனை நோட்டு இருந்தது. போதாததற்கு வாசலிலேயே நிறுத்தி பாடமும் எடுத்தாள். பாதியாகக் குறைக்கக் கேட்க வேண்டும். முடியாது என்றால் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதுவும் முடியாது என்றால், பக்கத்துக் கடை காலியாகக் கிடப்பதை நினைவுபடுத்த வேண்டும்.

“அது மிரட்டுற மாதிரி இருக்கும்.”

“நிஜத்தைச் சொன்னா மிரட்டலா? சரி, அதை நீங்க சொல்ல வேண்டாம். பாதின்னாவது வாயைத் திறந்து கேளுங்க.”

சிஸ்டரின் வீட்டில் முன்னறை கண்ணாடி போல இருந்தது. துணிகள் மழையால் உள்ளேயே கொடியில் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். காபி வந்தது. இவர் காபியைக் குடித்தார், மழையைப் பற்றிச் சொன்னார், ஷட்டருக்கு எண்ணெய் போட்டுவிட்டதையும் சொன்னார்.

சிஸ்டர் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். “தம்பி, வலிக்குதுன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு காலை நீட்டாம உட்கார்ந்திருக்கிற பேஷண்டை நான் எவ்வளவோ பார்த்திருக்கேன். மூணாவது தடவை வந்திருக்கீங்க. என்னன்னு சொல்லுங்க.”

அப்போதுதான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வியாபாரம் படுத்துவிட்டது, மழை முடியும் வரை வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றார். பாதி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

சிஸ்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது எதிர்பாராத கேள்வி.

“தையல்காரர் ஏன் போனார்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். ஆர்டர் குறைந்துவிட்டது. வாடகை கட்ட முடியாமல் வீட்டிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டார். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

“எனக்கு மட்டும் தெரியாது. நோட்டீஸைக் கையில கொடுத்துட்டு, சொந்தக் காரணம்னு சொல்லிட்டுப் போயிட்டார். போன வாரம் கடைத்தெருவுல பார்த்தப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குறைச்சிருக்க மாட்டேனா? அவருக்கும் கடை இருந்திருக்கும், எனக்கும் வாடகை வந்திருக்கும்.” சிஸ்டரின் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “நீங்களும் சாவியைக் கொடுக்கத்தான் வந்து வந்து போறீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாளா சரியா தூங்கல.”

பெயிண்ட் கடைக்காரருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சாவியைக் கொடுக்கும் எண்ணமே தனக்கு இல்லை என்றார். சிஸ்டர் தலையசைத்துவிட்டு, தன் பக்கத்துக் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். மருந்துக்கடை வாடகை அப்படியே லோன் தவணைக்குப் போகிறது. அவருக்குப் பென்ஷன் கிடையாது. தையல்கடை வாடகை நின்றதிலிருந்து, பெயிண்ட் கடை வாடகையில்தான் வீடு ஓடுகிறது. அட்வான்ஸில் கழிக்கலாமா என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கும் நேரான பதில்தான் வந்தது. தையல்காரருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததிலும் மொட்டைமாடி ஒழுகலை அடைத்ததிலும் கையிருப்பு கரைந்துவிட்டது. இப்போதைக்கு அட்வான்ஸ் கணக்கில்தான் இருக்கிறது, கையில் இல்லை.

அந்த அம்மாள் சாப்பாட்டில் கை வைப்பதா என்று தோன்றியது அவருக்கு. கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். எப்படியாவது சமாளித்துக்கொள்வதாகவும், தான் கேட்டதை மறந்துவிடும்படியும் சொன்னார்.

“உட்காருங்க. முடியாதுன்னு நான் சொல்லலையே. அந்தக் கவர்ல என்ன?”

விற்பனை நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிஸ்டர் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். மாதாமாதம் மொத்தம் போட்டிருந்த இடங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். இரண்டு வருடத்துக் கணக்கு அது. கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது காய்ச்சல் சார்ட் மாதிரி இருக்கு. நாலு மாசம் இறங்குது, அப்புறம் ஏறுது, போன வருஷமும் அப்படித்தான். உயிருக்கு ஆபத்து இல்லாத கேஸ்” என்று சொல்லிச் சிரித்தார். பெயிண்ட் கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

கணக்கு அப்புறம் வேகமாக நடந்தது. மாத வாடகை பதினெட்டாயிரம். மழை மாதங்கள் நான்குக்கும் பதின்மூன்றாயிரம் கொடுத்தால் போதும். அதற்குக் கீழே போனால் தன்னால் தாங்க முடியாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். மற்ற எட்டு மாதம் ஆயிரத்து ஐந்நூறு சேர்த்துக் கொடுக்க வேண்டும். குறைத்தது இருபதாயிரம், திரும்பி வருவது பன்னிரண்டாயிரம். மீதி எட்டாயிரம் தன் பங்கு என்றார் சிஸ்டர். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வழக்கமாக ஏற்றும் ஐந்து சதவீதமும் இந்த ஒரு வருடத்துக்கு இல்லை.

நடுவில் வெளியூரிலிருந்து மகன் போன் செய்தான். சிஸ்டர் நடப்பதைச் சொன்னார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது இவருக்கே கேட்டது. ஒப்பந்தத்தில் ஏற்றவேண்டும் என்று இருக்கிறதே, குறைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான் போலிருக்கிறது. சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, காலியா இருக்கிற கடைக்கு நீ வந்து வாடகை கட்டு. அப்புறம் இதையும் ஏத்தலாம்” என்றார். அடுத்த நிமிடம் பேச்சு மகனுடைய சளிக்கும் இருமலுக்கும் மாறிவிட்டது.

போனை வைத்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து சிஸ்டரே எழுதினார். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எவ்வளவு என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை, கொடுக்கும் தொகைக்கே ரசீது, குறைத்ததைப் பாக்கி என்று பின்னால் கேட்பதில்லை என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை இவர் கேட்கவே இல்லை. அவராகவே சேர்த்தார். இன்னொரு தாளில் அதையே திரும்ப எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“மருந்துக்கடையில சொல்லாதீங்க” என்றார் சிஸ்டர், வாசல் வரை வந்து. “மழை பெய்யப் பெய்ய அவர் காட்டுல பண மழை. ஆனாலும் கேட்பார்.”

வீட்டில் மனைவி தாளை இரண்டு முறை படித்தாள். பாதி கேட்டீர்களா என்றாள். இல்லை என்றார். கோடையில் கூடுதலாகக் கட்ட வேண்டியதைக் கூட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறாரே என்றாள். அவர் சிஸ்டரின் வீட்டு நிலைமையைச் சொன்னார், இரண்டு நாள் தூங்காததையும் சொன்னார். மனைவி தாளை மடித்தாள். பிறகு, “முன்னாடியே போய்க் கேட்டிருந்தா அவங்களாவது தூங்கியிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு, தாளை பீரோவில் ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்தாள்.

மருந்துக்கடைக்காரருக்கு எப்படித் தெரிந்ததோ, நான்காம் நாளே சிஸ்டரிடம் போய் நின்றார். விற்பனை நோட்டைக் கொண்டுவரச் சொன்னாராம் சிஸ்டர். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழை நான்கு மாதமும் ஆற அமரப் பெய்து ஓய்ந்தது. பதின்மூன்றாயிரத்தைக்கூட இரண்டு முறை பல்லைக் கடித்துக்கொண்டுதான் புரட்டினார். ஆனால் ஐந்தாம் தேதி தாண்டவில்லை. பிறகு சுவர்கள் காய்ந்தன, பெயிண்டர்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டினார்கள். மழைக்குப் பின் வந்த இரண்டாவது மாதம், கடையை விட்டு அசைய முடியாத அளவுக்குக் கூட்டம். வாடகை கொடுக்க நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நான்காம் தேதி ஆகிவிட்டது. அன்று சிஸ்டரே ரசீதுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் ஆறேழு பேர் நின்றார்கள். பெயிண்ட் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வரப் பார்த்தார். வேலையை முடித்துவிட்டு வரும்படி கையைக் காட்டிவிட்டு, ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார் சிஸ்டர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கலர் அட்டையை வைத்துக்கொண்டு படுக்கையறைக்கு எது என்று முடிவு பண்ண முடியாமல் நின்றது. அந்தப் பெண் சிஸ்டரிடமே கேட்டாள்.

சிஸ்டர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வெளிர் பச்சை எடும்மா. ஆஸ்பத்திரியில அதுதான் அடிப்பாங்க. தூக்கம் நல்லா வரும்.”

ஆஸ்பத்திரி என்றதும் மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து, பெயிண்ட் கடைக்காரர் குனிந்து டப்பாவைத் தேடுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். அந்தப் பெண் வெளிர் பச்சையையே எடுத்தாள், நாலு லிட்டர்.