போயி, இனி வரில்ல

லிஸி டீச்சர் மோர்க்கறியைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. தேர்வு விடுமுறை. சாலக்குடியில் அந்தப் பெண்கள் விடுதியில் மாணவிகள் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். மாடி வராந்தாவில் யாரும் நடக்கவில்லை, ஆனாலும் செருப்புச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. அந்தச் சத்தம் விடுதிக் காப்பாளரான லிஸிக்குப் பழகிப்போன ஒன்று.

அனுப்பியவள் ஷிம்னா, விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. ஒரு மாதமாக வாழச்சால் காட்டுக்குள் தங்கி ஏதோ பறவைக் கூட்டைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள் என்பது மட்டும் லிஸிக்குத் தெரியும். செய்தி ஒற்றை வரி.

"போயி, இனி வரில்ல, உள்ளில் குஞ்ஞுண்டு."

போயாயிற்று, இனி வருவதில்லை, உள்ளே குழந்தை இருக்கிறது.

லிஸி கையை உதறிவிட்டு எழுந்தாள். சோறு அப்படியே கிடந்தது. ஷிம்னாவின் எண்ணுக்கு அடித்தாள். தொடர்புக்கு அப்பால் என்றது. மறுபடி அடித்தாள், அதே குரல்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பிந்துஜா என்றொரு பெண் இதே விடுதியிலிருந்து, "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகும் டீச்சரே" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். லிஸி கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் காலை பிந்துஜாவை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். எங்கே போகிறாய், ஏன் லேட் என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போலீசும் கேட்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. லிஸியின் காதில் மட்டும் அது விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து போன் அதிரும்போதெல்லாம் அவள் முதலில் பார்ப்பது சாவைத்தான். அதற்குப் பிறகுதான் எழுத்து கண்ணில் படும்.

அவள் தட்டச்சு செய்தாள். "மோளே, ஒண்ணும் செஞ்சிடாதே. அங்கேயே இரு. எதுவா இருந்தாலும் வழி இருக்கு."

ஒரு கோடு விழுந்தது. போய்ச் சேரவில்லை.

ஷிம்னாவின் அறைத்தோழி ரின்ஸி மாடியில் இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தவளிடம் லிஸி போனை நீட்டினாள்.

"அவ எப்பவுமே இப்படித்தான் டீச்சரே, எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு கேக்குற மாதிரி" என்று சிரிக்கப் போனவள் கடைசிச் சொற்களைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்கு ஏதாவது தெரியுமா?"

"இல்ல டீச்சரே, சத்தியமா." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "போன தடவை வந்தப்ப ஒண்ணும் சாப்பிடல. காலையில வாந்தி எடுத்தா. காட்டுத் தண்ணி ஒத்துக்கலன்னு சொன்னா."

"அப்புறம்?"

"ஜீப் ஓட்டுற பையன் ஒருத்தனப் பத்தி அடிக்கடி பேசுவா. ஆனா அது சும்மா கிண்டலுக்கு."

அந்த ஒரு வரிக்குள் இப்போது வாந்தி வந்து உட்கார்ந்தது, ஜீப் பையன் வந்து உட்கார்ந்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அப்படிப் பொருந்தியதுதான் லிஸியைக் கலக்கியது.

போன் அதிர்ந்தது. ஷிம்னாதான்.

"ஒன்னும் செய்யுன்னில்ல. நோக்கி இரிக்குன்னு. அதிகம் சமயமில்ல."

ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு இருப்பதுதான், அதிக நேரம் இல்லை.

ரின்ஸி அழ ஆரம்பித்தாள். லிஸி உடனே அடித்தாள், போகவில்லை. அந்தக் காட்டில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் எழுத்து போகும், பேச்சு போகாது என்று ஷிம்னா எப்போதோ சொல்லியிருந்தாள். பாறை. அதற்குக் கீழே என்ன இருக்கும்? லிஸிக்குத் தண்ணீர்தான் தெரிந்தது.

அவள் எழுதிக்கொண்டே போனாள். உன் உம்மாவை நினைத்துப் பார். குழந்தை பாவம் இல்லை. யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள், நான் வருகிறேன். எல்லாம் கெஞ்சல், எல்லாம் ஆறுதல். அவற்றில் ஒன்றுகூடக் கேள்வி இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு.

ரின்ஸி ஜீப்புக்குச் சொல்ல ஓடினாள். லிஸி ஷிம்னாவின் தாய் சுஹராவை அழைத்தாள். திரூரில் தையல்கடை வைத்திருப்பவள். பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. லிஸி சுற்றி வளைத்தாள், தண்ணீர் குடித்தாள், கடைசியில் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டினாள். மெஷின் நின்றது.



"ஆரு போயி?" என்றாள் சுஹரா.

"என்ன உம்மா?"

"போனது ஆருன்னு கேக்குறேன் டீச்சரே. அதுல இல்லையே."

லிஸி போனைக் காதிலிருந்து எடுத்து வரியை மறுபடி பார்த்தாள். இல்லைதான். தமிழில் போனேன், போனான், போனது என்று கடைசி அசை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மலையாளத்தில் அது கிடையாது. நான் போனாலும் போயி, நீ போனாலும் போயி, ஆடு போனாலும் போயி. வரில்ல என்பதும் அப்படியே. எதிரே ஆள் நின்று பேசினால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எழுத்தில் அந்த இடம் காலியாகக் கிடக்கும், படிப்பவர் தன் மனத்தில் இருப்பவரை அங்கே நிறுத்திக்கொள்வார். லிஸி அங்கே ஷிம்னாவை நிறுத்தியிருந்தாள். இல்லை, பிந்துஜாவை.

"இவ சின்னதுல ஒரு நாள் கொல்லையிலேர்ந்து ஓடி வந்து, 'மரிச்சு'ன்னு சொன்னா" என்றாள் சுஹரா. "இவ வாப்பாக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு நான் முக்காடுகூட இல்லாம தெருவுல ஓடினேன். கடைசில பாத்தா, கோழி. இவ மனசுல என்ன ஓடுதோ அது நமக்கும் தெரியும்னு நெனச்சுத்தான் பேசுவா. கேளுங்க டீச்சரே. எனக்குக் கை காலெல்லாம் ஓடல. ஆனா கேளுங்க."

"கேட்டு, அவதான்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். அப்பவும் நமக்குத் தெரியணும் இல்ல."

சுஹராவைத் தொடர்பிலேயே வைத்துக்கொண்டு லிஸி தட்டச்சு செய்தாள். ஒரே சொல், ஒரு கேள்விக்குறி.

"ஆரு?"

ஒரு கோடு. வாசலில் ஜீப் வந்து நின்றது. ரின்ஸி மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டாள். லிஸி அசையவில்லை. மேலே யாரோ நடப்பதுபோல் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கோடு. நீலம். தட்டச்சு செய்கிறார் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"ஆண் வேழாம்பல், ஸாரே. நம்ம கூட்டோட ஆண். ரோட்டோரம் செத்துக் கிடக்குது. பெண் உள்ளே."

வேழாம்பல் என்றால் இருவாச்சிப் பறவை. லிஸி அதைச் சத்தமாகப் படித்தாள். மறுமுனையில் சுஹரா, "அல்லாஹ், பட்சி" என்றாள். பிறகு அழுதாள். லிஸியும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸாரே என்றது ஏன் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஷிம்னாவின் போனில் லிஜோ ஸார், லிஸி டீச்சர் என்று பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும். லிஜோதான் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. பாறை உச்சியில் வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் அவள் தொட்டது லிஸியின் பெயரை. 'ஒண்ணும் செஞ்சிடாதே' என்று வந்தபோது, கூட்டைத் தொடாதே என்று ஸார் சொல்வதாகவே எடுத்துக்கொண்டாள். அதனால்தான் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில். அவசரம் பறவைக்கு. மலையாளத்தில் குஞ்ஞு என்றால் குழந்தையும் ஆகும், பறவைக் குஞ்சும் ஆகும். இரண்டு பேரும் வேறு வேறு பேச்சைப் பேசினார்கள், இரண்டும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தின. மற்ற கெஞ்சல்களெல்லாம் அவள் பாறையிலிருந்து இறங்கிய பிறகு போனவை. மறுபடி ஏறியபோது திரையில் முதலில் தெரிந்தது கடைசிச் சொல் மட்டும்.

லிஸி உடனே லிஜோவுக்குப் போன் போட்டாள். வந்து நின்ற ஜீப்பில் அவரையும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் புறப்பட்டாள். அவள் போக வேண்டிய தேவை இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

ஷிம்னா மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஸியைக் கண்டதும் எழுந்தாள்.

"டீச்சரே, இப்பத்தான் மேல போய் எல்லாத்தையும் படிச்சேன். நான் பெரிய..." என்று ஆரம்பித்தாள். லிஸி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வியர்வை, புகை, காட்டு மண் எல்லாம் மணத்தன.

"வாந்தி எடுத்தியாமே?"

"வயித்துல பூச்சி டீச்சரே. மருந்து சாப்பிட்டேன்."

அதையும் கேட்டாயிற்று.

அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் மரப்பொந்து தெரிந்தது. பொந்தின் வாய் காய்ந்த பூச்சால் அடைபட்டு, நெடுக்காக ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது.

"அவளே உள்ளேர்ந்து தன் எச்சத்தாலயும் பழச்சக்கையாலயும் பூசிக்கிட்டா" என்றாள் ஷிம்னா தணிந்த குரலில். "அந்தக் கீறல் வழியா அலகை நீட்டுவா. அவன்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுவான். நேத்துக் காலையிலேர்ந்து ஒண்ணும் இல்ல."

"நாம உடைச்சு விட்டா?"

"கூடாது" என்றார் லிஜோ. "உள்ளே போனதும் அவ பறக்குற இறகெல்லாம் உதிர்த்துடுவா. அது மறுபடி முளைச்சிருந்தா தானே உடைச்சுக்கிட்டு வருவா. முளைக்கலேன்னா, வந்தும் பிரயோஜனம் இல்ல."

கீறலுக்குள் ஒரு கண் தெரிந்தது. வெளிறிய விழி. அவர்களைப் பார்க்கவில்லை. மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காட்டில் எங்கோ ஒரு கிளை முறிந்தால்கூட அந்தக் கண் விரிந்தது.

வனத்துறைக் குடிசையில் அன்றிரவு லிஸி படுத்தாள். விடிந்ததும் மரத்தடிக்குப் போனபோது, மரத்துக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. கதவைத் தட்டுவதுபோல், விட்டு விட்டு. லிஸிக்கு மயிர் கூச்செறிந்தது. ஷிம்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூச்சு துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. நண்பகலுக்குள் அலகு வந்தது, தலை வந்தது, பிறகு அழுக்கேறிய உடம்பு முழுவதும் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து கிளையில் தொற்றியது.

அவள் பறக்கவில்லை. ஆண் வந்து உட்காரும் கிளைக்குத் தத்தித் தத்திப் போனாள். கரகரவென்று ஒரு முறை கத்தினாள். பதில் வரவில்லை. மறுபடி கத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றாள். லிஜோகூடத் தொலைநோக்கியைக் கீழே இறக்கிவிட்டார்.

பிறகு சிறகை விரித்தாள். புது இறகுகள் காற்றை அறுக்கும் அந்தக் கனத்த ஓசை பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் வரை கேட்டது.

பொந்துக்குள் குஞ்சு தனியாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன அலகு உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. உடைந்த வாயின் ஓரத்தில் எதையோ அப்பியது, தட்டிச் சமன் செய்தது.

"என்ன பண்ணுது?" என்றாள் லிஸி.

"வாசலை அடைக்குது டீச்சரே. யாரும் சொல்லித் தரல. தானே பூசும்."

வெயில் சாய்ந்தது. ஜீப்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவர் வந்தபோது மலைச்சரிவில் அந்தச் சிறகோசை கேட்டது. தொண்டை புடைக்க அவள் மரத்துக்கு வந்து பொந்தோரம் ஒட்டிக்கொண்டாள். ஒவ்வோர் அத்திப்பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்துக் கீறலுக்குள் நீட்டினாள். உள்ளிருந்து கீச்சென்று குரல் வந்தது. ஷிம்னா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். லிஸி தன் முந்தானையால் ஷிம்னாவின் முகத்தைத் துடைத்துவிட்டு ஜீப்பில் போய் ஏறினாள்.