கல்லறைத் தோட்டத்துச் சாவி

எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஏனோக்கு. அவர் இருந்தவரைக்கும் நான் அந்தப் பெயரை வாயால் சொன்னது கிடையாது. அவர் போன பிறகு சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. என் பெயர் ஐடா. எனக்கு வாய் நீளம் என்று இந்த லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீளம்தான். இல்லாவிட்டால் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் என்றைக்கோ மரக்கிடங்காகப் போயிருக்கும்.

அந்தக் காலத்துத் தங்கவயலை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். லைன் என்றால் மூங்கில் தட்டி வைத்து வரிசையாகக் கட்டிய வீடுகள். காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் குழம்பின் வாசனை நம் சோற்றில் வந்து விழும். கல்லை இடிக்கிற ஸ்டாம்பு மில் இரவும் பகலும் இடிக்கும். எப்போதாவது அது நின்றுபோனால் தொட்டிலில் கிடக்கிற குழந்தைகள் பயந்து எழுந்து அழும். என் சலோமி அப்படித்தான் அழுவாள். சத்தம் போட்டால் தூங்குவாள், சத்தம் நின்றால் அழுவாள், அப்படி ஒரு பிள்ளை. மூன்று வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

அவளைப் புதைத்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கதை. குடியாத்தம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த எங்கள் சனத்துக்கு முதலில் செத்தால் புதைக்க இடம் இல்லை. காலரா வந்த வருஷம் பட்ட பாட்டுக்குப் பிறகு சபையே சேர்ந்து, லைனுக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்கு ரெட்டியிடம் நிலம் வாங்கியது. பத்திரம் மூன்று டிரஸ்டிகள் பெயரில். ஒருவர் சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் கொர்னேலியஸ். இன்னொருவர் மளிகைக் கடை ஏசுபாதம். மூன்றாவது எங்கள் வீட்டுக்காரர். அவர் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் கட்டுகிறவர். தோட்டத்துக்கு மரக் கேட்டு ஒன்று செய்து பூட்டுப் போட்டவரும் அவர்தான், அதனால் சாவி அவரிடம் இருந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் செத்தாலும் ஒரு டிரஸ்டி வந்து பூட்டைத் திறந்து, கடப்பாரையால் முதல் குத்து குத்தி இடம் காட்ட வேண்டும். அதற்கு முன் யாரும் மண்ணைத் தொட மாட்டார்கள். சலோமிக்கு முதல் குத்து குத்தியது அவளுடைய அப்பாதான். புங்க மரத்தடியில், குழந்தைகளுக்கென்று விட்ட மூலையில்.

மின்சார விளக்கு வந்த மறு வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. கல்தூசி இருமல். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். ஆஸ்பத்திரி டாக்டர், இந்த மண்ணை விட்டுப் போய்விடு என்று சொல்லிவிட்டார். குடியாத்தத்தில் என் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. போய்விடலாம் என்று நான் நாள் தவறாமல் நச்சரித்தேன். ஒரு வழியாகச் சரி என்றார். கம்பெனி வேலையை விட்டார். வேலைக்கு வந்த அன்று கொடுத்த பித்தளைப் பில்லையை டைம் ஆபீஸ் ஜன்னலில் வைத்தார், பேரை அடித்துவிட்டார்கள், முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு வேலையை விடுவது என்றால் அதுதான். பில்லையை வைத்துவிட்டால் உனக்கும் கம்பெனிக்கும் ஒன்றும் இல்லை.

டிரஸ்டி வேலையையும் அவர் அப்படியே விட்டார். அந்த ஞாயிறு ஜெபம் முடிந்ததும் எழுந்து, எனக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி, கேட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். எல்லோரும் கண் கலங்கினார்கள். உபதேசியார் ஆசீர்வாதம் பண்ணினார். எனக்கும் நிம்மதி. மூட்டை கட்டத் தொடங்கினேன்.

மூட்டை பாதி கட்டியிருந்தபோது உபதேசியாரும் ஏசுபாதமும் வாசலில் வந்து நின்றார்கள். கையில் சாவி. வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். இவர் இன்னும் டிரஸ்டிதான் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. உபதேசியார் பொறுமையாகச் சொன்னார். டிரஸ்டி பொறுப்பை ஒருமுறை ஏற்றுக்கொண்டவன் வாயால் வேண்டாம் என்றால் போகாது, சாவியைக் கொடுத்தாலும் போகாது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அந்தப்படிதான் விலக வேண்டும். எங்கள் பத்திரப்படி மற்ற டிரஸ்டிகளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு ஞாயிறு சபையில் படிக்க வேண்டும். பிறகு சபை கூடி, சபைப் புத்தகத்தில் பேர் பதிந்த பெரியவர்களில் ஒருவரைப் பதிலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போகிறவர், இருக்கிறவர்கள், வருகிறவர், எல்லோரும் இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, பவுரிங்பேட்டை ரிஜிஸ்தர் கச்சேரியில் நேரில் நின்று பதிய வேண்டும். அதுவரைக்கும் பழைய ஆள்தான் ஆள். போன பிறகும், இருந்த காலத்தில் செய்ததற்கு அவனே பொறுப்பு.

"எல்லாம் எழுதி எடுத்தாந்துட்டேன். நீ இப்போ ஒரு கையெழுத்துப் போடு, பதியற அன்னிக்கு மட்டும் வந்து நில்லு. பதிலுக்கு ஏசுபாதத்தோட மச்சானை நிறுத்தலாம்னு இருக்கோம்," என்றார் உபதேசியார்.

நான்தான் மசிக்கூட்டை எடுத்து வந்து வைத்தேன். சீக்கிரம் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கலாம் என்று எனக்கு அவசரம். அவர் பேனாவை எடுத்துவிட்டு, சும்மா கேட்பது போலக் கேட்டார். இவ்வளவு அவசரமாக வக்கீலிடம் எதற்குப் போனீர்கள் என்று.

ஏசுபாதம் செருப்பைப் பார்த்தார். உபதேசியார் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், சொல்லிவிட்டார். கம்பெனி சாமான் இழுக்கிற டிராம் பாதை தோட்டத்தை ஒட்டி வருகிறது. ஒரு மர வியாபாரி அந்த மூலையைக் கேட்கிறான். பதிலுக்கு இரண்டு மைல் தள்ளி இதைப் போல் இரண்டு பங்கு நிலமும், கோவில் கட்டக் கல்லும் தருகிறான். தட்டிக் கோவிலில் மழைக்கு நனைகிறோமே, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடையைப் பிடித்துக்கொண்டு கொடுக்கிறேனே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நிலத்தை மாற்றிக்கொள்ள மூன்று டிரஸ்டிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. அதற்குத்தான் மூன்றாவது ஆள்.

"எந்த மூலை?" என்றேன் நான்.

அவர்கள் சொல்லவே வேண்டாம். டிராம் பாதைப் பக்கம் இருப்பது புங்க மரம்தான்.

எனக்கு வந்ததே கோபம். மசிக்கூட்டைத் தூக்கி உள்ளே வைத்தேன். உபதேசியார் என்றுகூடப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். இந்த லைனில் பிள்ளையை அங்கே விடாத தாய் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர்கள் மேல் மரக்கட்டையை அடுக்குவீர்களா என்று கேட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சாவி மட்டும் வாசற்படியில் இருந்தது.

வீட்டுக்காரர் நெடுநேரம் இருமிவிட்டுப் பேசினார்.

"நான் கையெழுத்து போடாம இருந்துடலாம். ஆனா எத்தினி நாளைக்கு ஐடா? நான் செத்துட்டா அந்த எடம் காலி. அப்போ அவங்க நெனச்ச ஆளைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. நான் உசுரோட இருக்கச்சொல்லவே சரியான ஆள் கையில குடுத்துட்டுதான் போவணும்."

சாவைப் பற்றி அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். அப்படிப் பேசாதீங்க என்றேன். யார் அந்தச் சரியான ஆள் என்றும் கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பொம்பளையை யார் டிரஸ்டி ஆக்குவார்கள்? அவர் பத்திரத்தை விரித்துப் படித்துக் காட்டினார். பேர் பதிந்த பெரியவர் என்றுதான் இருந்தது, ஆம்பளை என்று எங்கும் இல்லை. எழுதும்போது யாருக்கும் அது தோன்றியிருக்காது. ஆனால் டிரஸ்டி இங்கேயே குடியிருக்க வேண்டும் என்று இருந்தது. அதை அவர் படித்ததும் நான் சிரிப்பை நிறுத்தினேன். குடியாத்தத்துக் காற்று, தம்பி வீடு, அந்தத் துண்டு நிலம், எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டுப் போயிற்று. அந்தக் காற்று அவரை இன்னும் கொஞ்ச காலம் வைத்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

"நீங்க மட்டுமாவது போய் இருங்க," என்றேன்.

"உன்னையும் கொழந்தையையும் இங்க உட்டுட்டு, அங்க போய் யாரோட இருமறது?" என்றார்.

அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்தேன்.

அவரே கையால் எழுதி மற்ற இருவருக்கும் கொடுத்தார். இரண்டு ஞாயிறு படித்தார்கள். சபை கூடிய அன்று ஏசுபாதம் தன் மச்சான் பேரைச் சொன்னார். வீட்டுக்காரர் எழுந்து என் பேரைச் சொன்னார். ஆம்பளைகள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. அப்போது மருத்துவச்சி மரியகுழந்தை எழுந்தாள். வேறொன்றும் பேசவில்லை. புங்க மரத்தடியில் பிள்ளை இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். பொம்பளைகள் பக்கத்தில் கை தூக்காதவள் ஒருத்தி இல்லை. ஆம்பளைகள் பக்கத்திலும் ஒவ்வொன்றாகக் கை ஏறிற்று. கடைசியில் ஏசுபாதமே தூக்கினார். அவருக்கும் ஒரு பையன் அங்கே இருந்தான், பாவம், மறந்தே போயிருந்தார். அவர் மச்சான் தானாகவே உட்கார்ந்துவிட்டான், சபை என்னையே தேர்ந்தெடுத்தது.

பவுரிங்பேட்டைக்கு எல்லோரும் ஒரே வண்டியில் போனோம். ரயிலில் ஏறும்போது வீட்டுக்காரரை ஒரு பக்கம் உபதேசியார் தாங்கினார், இன்னொரு பக்கம் ஏசுபாதம். கச்சேரியில் கன்னடத்தில் கேட்டார்கள், உபதேசியார் எடுத்துச் சொன்னார். நீதானா எழுதிக்கொடுத்தது, மனசாரத்தானா என்று. வீட்டுக்காரர் ஆமாம் என்றார். என்னிடமும் கேட்டார்கள், இந்தப் பொறுப்பு உனக்குச் சம்மதமா என்று. சம்மதம் என்றேன். எனக்கு எழுத வராது, விரல் வைத்தேன். பதிந்து முத்திரை அடித்த பிறகுதான் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை அது செல்லும். திரும்பி வரும்போது ரயில் முழுக்கத் தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டான். கல்லுக் கோவில் கட்ட இன்னும் பல வருஷம் ஆனது. குடை பிடித்து ஞானஸ்நானம் கொடுத்த நாளெல்லாம் இப்போது நினைத்தால் இனிக்கிறது. உபதேசியாரே சொல்லிச் சிரிப்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் வீட்டுக்காரர் போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டு வரைக்கும் போனோம். அங்கே எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று எனக்கு முதலில் தெரியவில்லை, அழுதுகொண்டே நானும் நின்றேன். உபதேசியார் கிட்டே வந்து, "டிரஸ்டியம்மா, பூட்டு," என்றார்.

உபதேசியாரும் டிரஸ்டிதான், ஏசுபாதமும் டிரஸ்டிதான். யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். எனக்காக நின்றார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தேன். அவர் போட்ட பூட்டு, எண்ணெய் போட்டு வைத்திருந்தார், ஒரே திருப்பில் திறந்தது. ஏசுபாதம் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். புங்க மரத்தடிக்குப் போய், சலோமிக்குப் பக்கத்தில் முதல் குத்து குத்தினேன்.