பின்னால் நிற்பவள்

வாயில் பிரஷ்ஷைக் கவ்வியபடி, வாஷ்பேசினின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்ததைத் தங்கை கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவின் கண்கள் மூடியிருந்தன.

"தலை சுத்துதா?"

"தூக்கக் கலக்கம். போய் ஷூவை எடுத்து வை."

"பொய் சொல்லாதே. டீம் பிசியோகிட்ட சொல்லிடலாம்கா."

"பிசியோ கேட்டாரு, தலைவலி இல்லைன்னு சொன்னேன், விட்டுட்டாரு. அது அதோட முடிஞ்சுது." அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "ரெண்டாவது கீப்பருக்குக் கட்டைவிரல் உடைஞ்சு கிடக்கு. நான் உட்கார்ந்தா கோல்ல யாரு நிப்பா, நம்ம கோச்சா? அவர் தொப்பையில பட்டே பாதி பந்து திரும்பிடும், போ."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் ஒரு கால்பந்து ஆட்டத்தில் குறுக்கே வந்த பந்தைப் பிடிக்க அக்கா எழும்பியபோது எதிரணிக்காரி ஒருத்தியின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. அன்று தரையில் கிடந்தவள், இது எந்த ஊர் மைதானம் என்று தங்கையிடமே கேட்டாள். இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் இருவருமே திரும்பப் பேசியதில்லை.

இன்றைய ஆட்டத்தில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான். தங்கையின் பயம் வேறு. பந்தோடு ஒருத்தி தனியாக அக்காவின் முன்னால் போய் நிற்கக் கூடாது. அப்படிப் போனால் அக்கா அவள் காலில் பாய்வாள். அவள் பாய்கிற விதம் தங்கைக்குத் தெரியும். தலைதான் முதலில் போகும்.

அப்படி ஒருத்தி போகாமல் பார்ப்பதுதான் தங்கையின் வேலை. தடுப்பு வரிசைக்கு முன்னால், நடுக்களத்தின் பின்பகுதியில் நிற்பவள் அவள். கோல் போடுவதில்லை, பெயரும் பத்திரிகையில் வருவதில்லை. எதிரணி, தன் முன்வரிசையில் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்குப் பந்தை அனுப்ப நினைக்கும் கோட்டில் முன்கூட்டியே போய் நின்றுவிடுவாள். கோடு அடைபட்டதும் அவர்கள் பக்கவாட்டில் தட்டுவார்கள், அல்லது பின்னால் தட்டுவார்கள். அன்றைய ஆட்டத்தில் அவள் செய்த நல்ல காரியங்களில் பாதி, நடக்காமல் போன காரியங்களாக இருக்கும்.

விசில் ஊதியது. அவர்கள் அணி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. இனி எதிரணி முழுதாக ஏறி வரும் என்று அதற்குப் பிறகுதான் தங்கைக்குப் பயம் கூடியது.

ஒவ்வொரு முறை பந்து எதிரணியிடம் போனபோதும் அவள் ஓரடி பின்வாங்கினாள். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று கால்களே முடிவெடுத்தன. கொஞ்ச நேரத்தில் தன் தடுப்பாட்டக்காரிகள் இருவரின் நடுவிலேயே வந்து நின்றிருந்தாள். அவள் விட்டு வந்த இடத்தில் எதிரணியின் பத்தாம் எண் ஆட்டக்காரி பந்தை வாங்கி, யாரும் தொடாமல், நிதானமாகக் கோலை நோக்கித் திரும்பினாள். தூரத்திலிருந்தே அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு எகிறியது.

"ஏய்!" தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் மூத்தவள் கத்தினாள். எல்லோரையும் எதற்கெடுத்தாலும் குறை சொல்வதால் அவளுக்கு அணியில் 'மாமியார்' என்று பெயர். "என் மடியில வந்து ஏன்டி உட்கார்ற? முன்னாடி போ! அவளைத் திரும்ப விடாதே!"

"பின்னாடி ஆள் போயிட்டா?"

"பின்னாடி நான் இருக்கேன். நான் என்ன பொம்மையா?"

கோலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மாமியார் சொல்றதைக் கேளு, மருமகளே!" குரலில் கிண்டல் இருந்தது. ஆனால் அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை முன்னால் போனாள். அக்காவை விட்டு விலகுகிற ஒவ்வொரு அடியும் தவறென்றே மனம் சொன்னது, ஆனாலும் போனாள். பிறகு பழக்கம் மெல்லத் திரும்பியது. பந்து வேறெங்கோ இருக்கும்போதே ஒரு தோளுக்கு மேல், மறு தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. முதுகுக்குப் பின்னால் பத்தாம் எண் எங்கே, ஸ்ட்ரைக்கர் எங்கே என்று தெரிந்துகொண்டே நிற்பது. பந்தைத் துரத்தி ஓரத்துக்கு ஓடாமல் நடுவை விடாதிருப்பது. வலது ஓரத்துத் தோழி முன்னேறிப் போனால் அந்த ஓட்டையின் பக்கம் நகர்வது. பந்து வந்தால் உடலைப் பக்கவாட்டில் திருப்பி வாங்கி, ஒரே தட்டில் வெளியே அனுப்புவது. பத்தாம் எண் சலித்துப்போய்ப் பந்து தேடித் தன் அணியின் பாதிக் களத்துக்கே இறங்கிவிட்டாள்.

ஆனால் ஒவ்வொரு முறை திரும்பிப் பார்த்தபோதும் தங்கையின் கண் கோல்வரை போய்வந்தது. அக்கா நெற்றியைத் தேய்த்தாள். அடுத்த முறை பார்த்தபோது குனிந்து முழங்காலில் கை வைத்திருந்தாள்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் தங்கையின் அணி எடுத்த கார்னர் உதை ஒன்று தடுக்கப்பட்டு, பந்து நேரே எதிரணி ஸ்ட்ரைக்கரின் காலுக்குப் போனது. மாமியார் கார்னருக்காக முன்னால் போயிருந்தாள். ஸ்ட்ரைக்கருக்கும் அக்காவுக்கும் நடுவில் தங்கை மட்டும் இருந்தாள்.

பாய்ந்து பந்தைப் பறி என்றது பயம். பாய்ந்து தவறினால் முடிந்தது. அவள் பாயவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, கோலுக்குள் போகும் நேர்வழியை மறித்தபடி பின்னோக்கி ஓடினாள். ஓரத்து வழியை மட்டும் திறந்துவிட்டாள். ஸ்ட்ரைக்கர் உள்பக்கம் வெட்டித் திரும்பப் பார்த்தாள், முடியவில்லை. வேகம் குறைந்தது. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் மாமியார் மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் ஸ்ட்ரைக்கர் ஓரத்திலிருந்தே அடித்தாள். வலுவில்லாத அடி. தரையோடு உருண்டு, அக்காவின் இடது கம்பத்துக்கு வெளியே போகிற பந்து.

அக்கா வலப்பக்கம் பாய்ந்தாள்.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. அக்கா வெறும் புல்லை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். எழுந்து, இல்லாத பந்தை உதைத்து அனுப்பப்போகிறவள்போலக் கையை உயர்த்தி, "மேலே ஏறுங்க, மேலே ஏறுங்க!" என்றாள்.

மாமியார் சிரித்தாள். "என்னடி கூத்து இது?" பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

யாரும் அக்காவிடம் போகாதபடி இன்று முழுக்கப் பார்த்துக்கொண்டாயிற்று. அவள் தலைக்குள் இருப்பதை எந்தக் கோட்டில் நின்று மறிப்பது? தங்கை கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியை நோக்கி ஓடினாள்.

"சார், கீப்பருக்குத் தலையில அடி. இன்னைக்குப் பட்டதில்லை, பழசு. அவளுக்குப் பந்து தெரியலை. பிசியோவைக் கூப்பிடுங்க."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "வாயை மூடு! எனக்கு ஒண்ணும் இல்லை!" என்று நடந்து வந்தாள். நேராக வருவதாக அவள் நினைத்திருக்க வேண்டும். "காட்டிக் கொடுத்துட்டியே, பாவி."

"ஆமா."

"நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"பேசாதே. போய் உட்காரு."

பிசியோ அவள் கண்ணுக்கு முன்னால் விரலை நகர்த்திப் பார்த்துவிட்டுத் தோளைப் பற்றினார். அக்கா கையுறைகளைக் கழற்றி, யாரையும் பார்க்காமல் தரையில் போட்டாள். மாமியார் அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் விட்ட இடத்துக்கு வெளியிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள்.

"வாழ்க்கையில ஒரு பந்து பிடிச்சதில்லை," என்றாள் மாமியார், விரல்களை உள்ளே திணித்தபடி. "எனக்கு ஒரு பந்துகூட வரக் கூடாது. புரியுதா?"

"புரியுது."

தங்கை தன் இடத்துக்குப் போனாள். கோலை விட்டு நன்றாக முன்னால். மாமியார் கோல்கிக்கை ஓங்கி உதைத்தாள்; பந்து எதிரணியிடம் போனது, அவர்கள் அதைத் தூக்கிப் போடத் தயாரானார்கள். அவள் ஒரு தோளுக்கு மேல் பார்த்தாள்: பத்தாம் எண். மறு தோளுக்கு மேல் பார்த்தாள்: ஸ்ட்ரைக்கர். பிறகு இன்றைக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பக்கம் பார்த்தாள். பெஞ்சில், பிசியோவின் கை தோளில் இருக்க, அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பந்து வந்தது.