பாக்கெட்டுக்குள் ஆறு பேர்

கிடங்கின் எடைமேடை மூட்டைகளை நிறுக்கத்தான். அன்று ஷிப்ட் முடிந்ததும் மனிதர்கள் ஏறினார்கள். எட்டுப் பேர், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒருத்தன் முதுகில் இன்னொருத்தன் மூச்சு படுகிற மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். மேஸ்திரி கழுத்தை வளைத்து முள்ளைப் பார்த்தார்.

"அறுநூத்தி நாப்பத்தி ஒண்ணு, நானூறு கிராம்."

யாரோ "அடச்சே" என்றார்கள்.

கயிறு இழுக்கும் போட்டிக்கு எட்டுப் பேரும் சேர்ந்து அறுநூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆட்டத்திலேயே சேர்க்க மாட்டார்கள். போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எட்டுப் பேரையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்ததில், போன தடவை நிறுத்தபோது இருந்த மாதிரியே ஏழு பேர் இருந்தார்கள், அல்லது கொஞ்சம் இளைத்திருந்தார்கள். ஒருவன்தான் கால் கிலோ ஏறியிருந்தான். அவனுக்குத்தான் இளைக்கச் சொல்லியிருந்தது.

அவனைத் தூண் என்று கூப்பிடுவார்கள். கயிற்றின் வாலைத் தோளில் சுற்றி, குதிகாலை மண்ணில் புதைத்து, கடைசியில் நிற்கிறவன் அவன். அந்த இடத்தில் நிற்பவன் நகர்ந்தால் முன்னால் நிற்கும் ஏழு பேரும் போனார்கள். பகலெல்லாம் மூட்டை சுமக்கிறவனுக்கு அந்த ஒரு இடத்தில்தான் நாலு பேர் கைதட்டுவார்கள்.

"உன்னை இளைக்கச் சொன்னேன்யா," என்றார் மேஸ்திரி. "நீ என்னடான்னா சினைப்பசு மாதிரி வந்து நிக்கிற."

"நான் ஒழுங்காத்தான் சாப்பிடறேன், மேஸ்திரி. சத்தியமா. கிளினிக் நர்ஸக்கா ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு கலோரின்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒரு கடுகு போறதில்ல."

"அப்ப எடை எங்கேருந்து வருது, காத்துலயா?"

"வீட்டுக்காரம்மா ஊட்டி விடறாங்க போல," என்று முன்வரிசைக்காரன் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். தூண் சிரிக்கவில்லை.

மேஸ்திரி முடிவாகச் சொன்னார். "ரெண்டு வாரம். அன்னைக்குக் காலையில இதே மேடை. அறுநூத்தி நாப்பது தாண்டினா நீ வெளியே. உன் மாப்ள வாலைப் பிடிக்கட்டும்."

மாப்ள என்றது தூணின் மைத்துனனை. அவனும் இதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்தான். தூணைவிடப் பத்து கிலோ குறைவு. மூன்று வருடமாக ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலைக் காவல் காக்கும் ஒன்பதாவது ஆள். அவன் முகத்தில் சந்தோஷம் வந்ததை மறைக்க இருமினான். யாரும் நம்பவில்லை.

அந்த 'ஊட்டி விடறாங்க' என்ற பேச்சு மறுநாளே தூணின் மனைவி காதுக்குப் போய்விட்டது. அவள் பக்கத்துத் துணி ஆலையில் தறி ஓட்டுகிறவள். கூட வேலை பார்க்கிறவளின் புருஷன் கிடங்கில் இருக்கிறான், அது போதும்.

"நான் ஊட்டி விடறேனாம். உங்களுக்கு ஊட்டறதுக்கு எனக்கு ஆறு கை வேணும்," என்றாள். "நான் வைக்கிறது ஒரு கரண்டி சோறு, காய்கறி, குழம்பு. அளந்து வைக்கிறேன். அப்ப நீங்க வெளியில எதையோ திங்கறீங்க."

"இல்லடி."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீயும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல."

"அப்ப எடைமேடை பொய் சொல்லுதா?"

மேடை பொய் சொல்லாது. அதில்தான் நாள் முழுக்க மூட்டை நிறுத்துக் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அக்கா கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்கள் சத்தம் போட்டன. தூண் தரையில் உட்கார்ந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்து, உள்ளே கையை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். வறுத்த கொட்டைகளும் உலர்ந்த பழமும் கலந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் கேன்டீனில் எண்ணெயில் பொரித்ததைத் தின்பான். இளைக்கச் சொன்ன பிறகு அதை விட்டுவிட்டு இதற்கு மாறியிருந்தான். தினமும் ஒரு பாக்கெட்.

"குடு மாமா, பசிக்குது," என்று மைத்துனன் கையை நீட்டினான்.

"கொஞ்சமா எடு. இது கணக்குல இருக்கு."

"என்ன கணக்கு?"

"நூத்தைம்பது. பாரு, முன்னாடியே பெருசாப் போட்டிருக்கான்."

மைத்துனன் பாக்கெட்டைப் பார்த்தான். முன்பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் 150 கலோரி என்று இருந்தது. வட்டத்துக்கு அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. ஒரு பரிமாறலுக்கு. பாக்கெட்டைத் திருப்பினான். பின்பக்கக் கட்டத்தில், பரிமாறும் அளவு 30 கிராம், இந்தப் பாக்கெட்டில் சுமார் 6 பரிமாறல்கள் என்று போட்டிருந்தது. நிகர எடை 180 கிராம்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் வால் அவனுக்கு. யாருக்கும் அவன் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். மாமா பாட்டுக்குத் தினம் ஒரு பாக்கெட்டைக் காலி பண்ணுவார், மேடையில் ஏறுவார், இறக்கி விடுவார்கள். அவன் பாக்கெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கொட்டையை எடுத்து மென்றான்.

அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். தட்டை டங்கென்று தரையில் வைத்தாள். ஒரே ஒரு ரொட்டித் துண்டு.

"சாப்பிடுங்க. இதையும் நான்தான் ஊட்டினேன்னு சொல்லுங்க. தறி பக்கத்துல நிக்கிறவளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறா." குரல் நடுவில் உடைந்தது. அதை மறைக்க முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். பாக்கெட்டைப் பார்த்தான்.

"எழவு," என்றான். "அக்கா, இங்க வா. மாமா, இது எத்தனைன்னு சொன்னீங்க?"

"நூத்தைம்பது."

"பாக்கெட் முழுசுக்குமா?"

"பின்ன? மூட்டை மேல அம்பது கிலோன்னு போட்டிருந்தா முழு மூட்டைக்கா, கால் மூட்டைக்கா? பை மேல போட்டது பைக்குத்தான்டா. எத்தனை வருஷமா தூக்கறோம்!"

"மூட்டைக்கு அப்படி. இது அப்படியில்ல. இங்க படிங்க. முப்பது கிராமுக்கு நூத்தைம்பது. இப்படி ஆறு இருக்கு உள்ள."

தூண் பாக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தான். உதடு அசைந்தது. பிறகு விரலை மடக்கினான். ஆறு நூற்றைம்பது.

"தொள்ளாயிரமா?"

"தொள்ளாயிரம்."

"நம்ப மாட்டேன்," என்று அவன் பிடிவாதமாகச் சொன்னான்.

அக்கா உள்ளே போய்ப் புதுப் பாக்கெட் ஒன்றும் ஆறு சின்னக் கிண்ணமும் கொண்டு வந்தாள். வரிசையாகத் தரையில் வைத்து, பாக்கெட்டை ஒன்று போல ஆறு பங்காகப் பிரித்துக் கொட்டினாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கை அளவுகூட இல்லை. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"இதுதான் ஒரு ஆளுக்கா?" என்றான் தூண். "எந்த ஆளு? குருவி வளர்க்கிறவன் எழுதினதா?"

"நீங்க ஆறு பேர் சாப்பாட்டை ஒரே ஆளா சாப்பிட்டுட்டு ஒரு ஆள் கணக்கு எழுதியிருக்கீங்க," என்றாள் அவள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அது நின்றபாடில்லை. "என்னை எடைமேடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் நாலு பேர் முன்னாடி சொல்லணும்."

பிறகு வீட்டிலிருந்த எல்லாப் பொட்டலத்தையும் இழுத்துப் போட்டாள். அவன் தினம் குடிக்கிற பழச்சாறு பாட்டிலில் 40 கலோரி என்று இருந்தது. நூறு மில்லிக்கு. பாட்டில் ஐநூறு.

"இருநூறு," என்று மைத்துனன் உடனே சொன்னான்.

"நீ சும்மா இரு," என்றான் தூண்.

ரொட்டியில்தான் கதை மாறியது. நூற்று அறுபது என்று போட்டிருந்ததை அவன் ஒரு துண்டுக்கு என்று கணக்கு வைத்து, மனசு ஒப்பாமல் ஒரே ஒரு துண்டு தின்றுகொண்டிருந்தான். பரிமாறல் என்று அங்கே போட்டிருந்தது இரண்டு துண்டு. அவன் தின்றது எண்பதுதான்.

"அடப்பாவி, ரொட்டியில என்னைப் பட்டினி போட்டுட்டானே!" என்று தூண் நெஞ்சில் அடித்துக்கொண்டான். அவள் எழுந்து போய் இரண்டாவது துண்டைக் கொண்டு வந்து தட்டில் வைத்தாள்.

மறுநாள் டீ இடைவேளையில் தூண் பாக்கெட்டைக் கிழித்து, தன் பங்கை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு மிச்சத்தைச் சுற்றி அனுப்பினான். விஷயத்தை மைத்துனன்தான் கைகால் ஆட்டிச் சொன்னான். கிடங்கே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் மேஸ்திரி. சிரித்துக்கொண்டே கையிலிருந்த இனிப்புச் சோடா பாட்டிலைத் திருப்பினார். ஒரு பக்கம் படித்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பாட்டிலை மூடி எதுவும் நடக்காத மாதிரி பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

போட்டிக்கு மிச்சமிருந்த நாட்கள் தூணுக்கு லேசாக இல்லை. ஒரு கை அளவு கொட்டையைத் தின்றுவிட்டு மூட்டை சுமப்பது என்றால் நாலு மணிக்கு வயிறு கத்தும். வேகவைத்த காய்கறியை வாளி கணக்கில் தின்றான். "ஆடு மேயற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இல்லை.

போட்டி நாள் காலை எட்டுப் பேரும் மறுபடி மேடைக்கு வந்தார்கள். முதலில் தூண் தனியாக ஏறினான். ஒரு கிலோ குறைந்திருந்தது. எல்லோரும் மனசுக்குள் கழித்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் அப்படியே இருந்தால் அறுநூற்று நாற்பதுக்கு மேல் நானூறு கிராம் நிற்கும்.

தூணின் முகம் தொங்கியது. மைத்துனன் மாற்று ஆள் என்பதால் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். அவனும் சந்தோஷமாக இல்லை.

"எல்லாரும் ஏறுங்க. சேர்த்துத்தான் கணக்கு," என்றார் மேஸ்திரி. அவரும் எட்டில் ஒருவர். ஏறினார்கள், நெருக்கினார்கள். முள் ஆடி ஆடி நின்றது.

மைத்துனன்தான் குனிந்து பார்த்தான்.

"அறுநூத்தி முப்பத்தி ஒம்பது... எண்ணூறு!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அறுநூறு கிராம் எங்கே போனது? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் கூரையைப் பார்த்தார்.

"மேஸ்திரி, நீங்க தனியா ஏறுங்க," என்றான் முன்வரிசைக்காரன்.

"எதுக்கு? கணக்கு முடிஞ்சிடுச்சு, இறங்குங்கய்யா."

"ஏறுங்க மேஸ்திரி."

ஏறினார். அறுநூறு கிராம் குறைந்திருந்தது.

"சோடாவா?" என்றான் தூண்.

"வெயில்," என்றார் மேஸ்திரி. "வெயில்ல உருகிட்டேன். கயிறை எடுங்கடா."

மைதானத்தில் தூண் கயிற்றின் வாலைத் தோளில் சுற்றினான். குதிகாலால் மண்ணைக் குத்திக் குழி பண்ணினான். ஓரத்தில் மைத்துனன் தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் ஆலையிலிருந்து அவள் இழுத்துக்கொண்டு வந்த மூன்று பேர்.

"வருத்தமாடா?" என்று அவள் தம்பியைக் கேட்டாள்.

"வருத்தம் இருக்கு. அடுத்த வருஷம் நானே எடையை ஏத்திக்கறேன். எப்படின்னுதான் தெரிஞ்சு போச்சே."

நடுவர் கையைத் தூக்கினார். கயிறு விறைத்தது. கூட்டத்தின் சத்தத்தையெல்லாம் தாண்டி அவள் கத்தினாள்.

"அசையாதீங்க! அசைஞ்சா வீட்டுக்கு வராதீங்க!"

தூணின் குதிகால் மண்ணுக்குள் இன்னும் இரண்டு விரல் இறங்கியது. அங்கேயே நின்றது.