மூன்றாம் புள்ளிக்கு எட்டு மில்லிமீட்டர்

அவன் அளந்து அடித்த முளை ஒன்று தப்பான இடத்தில் இருந்தால், அதன் பொருள் பூமி நகர்ந்துவிட்டது என்பதே. இதை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தேநீர் இடைவேளையில், பதினோரு பேர் முன்னிலையில் முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் அறிவித்தான். அன்றிலிருந்து அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டின் பின்பக்கம் பெயின்டில் எழுதியும் வைத்துக்கொண்டான்.

வேலை, நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் தண்ணீர்க் குழாய் பதிப்பது. வழி நெடுக ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டருக்கு ஒன்றாக சிமென்ட் தூண்கள் நட்டு, உச்சியில் இரும்பு ஊசி பதித்து, ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து பட்டியல் போட்டிருந்தார்கள். உயரத்துக்குத் தனியாக பெஞ்ச்மார்க் என்ற குறிக்கற்கள். குழாய் எங்கே போக வேண்டும் என்பதை இந்தத் தூண்களிலிருந்துதான் தரையில் குறிப்பார்கள்: இருபது மீட்டருக்கு ஒரு முளை.

இதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு திட்டம் இருந்தது. எழுதியவர் சர்வே பொறுப்பில் இருந்த அக்கா. நாற்பது வயது, குரல் உயர்த்த மாட்டார், எதையும் ஒரு தடவை மட்டும் பார்த்து நம்ப மாட்டார். மட்டம் பார்த்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் போனால், அதே வழியில் திரும்பி வந்து, வித்தியாசம் இருபத்து நான்கு மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மறுபடி நடை.

அந்தத் திட்டத்தில் மில்லிமீட்டருக்குப் பிடிக்காத பக்கம் முப்பத்தொன்று. ஒரு தூணின்மேல் திசையும் தூரமும் அளக்கும் கருவியை நிறுத்தி, பின்னால் இருக்கும் தூணைப் பார்த்துத் திசை பிடித்தவுடன் முளை அடிக்கக் கூடாது. முதலில் முன்னால் இருக்கும் இன்னொரு தூணைப் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள இடத்துக்கும் கருவி காட்டும் இடத்துக்கும் வித்தியாசம் இருபத்தைந்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை ஃபார்மில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் மூன்றாம் புள்ளி.

"ரெண்டு கண்ணு வெச்சு உலகத்தையே பாக்கறோம். இவங்களுக்கு மட்டும் மூணாவது கண்ணு வேணுமாம்" என்றான் அவன். அக்காவுக்கு அன்றே மூணாம் புள்ளி அக்கா என்று பெயர் விழுந்தது.

மூன்றாம் புள்ளியைப் பார்க்க வேண்டுமானால், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியான பிரிசத்தைப் பிடிப்பவர் தொள்ளாயிரம் மீட்டர் நடந்து போய் அதை நட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அரை மணி நேரம். பிரிசம் பிடிப்பவருக்கு முழங்கால் வலி. ஆகவே அவர்மேல் கொண்ட கருணையால் மில்லிமீட்டர் ஃபார்மை உட்கார்ந்த இடத்திலேயே பூர்த்தி செய்தான். ஆறு, பதினொன்று, ஒன்பது. தினமும் ஒரே எண்ணை எழுதுவது பித்தலாட்டம் என்பதால் மாற்றி மாற்றி எழுதும் நேர்மை அவனிடம் இருந்தது.

நாற்பத்தோராம் தூணில் அவன் எழுதியது எட்டு.

அந்த இடம் கொஞ்சம் தனி. பின்னால் ஒரு கிலோமீட்டர் நிலத்துக்கு அனுமதி வரவில்லை என்று வேலை தாண்டிக் குதித்து அங்கே தொடங்கியிருந்தது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முளை எதுவும் இல்லை. குழாயின் மையக்கோட்டுக்கு இடப்பக்கம் சரியாக மூன்று மீட்டரில் உயர் அழுத்த மின்கேபிள் ஒன்று புதைந்து கூடவே ஓடியது. அதைத் தேடும் கருவி பழுது பார்க்கப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மில்லிமீட்டர்தான் கேபிளுக்கு மஞ்சள் கொடி, குழாய்க்கு முளை, இரண்டையும் கருவியை அந்தத் தூணில் ஒரே முறை நிறுத்திக் குறித்துக் கொடுத்தான். பின் தூணுக்கான தூரம் பட்டியலோடு இரண்டு மில்லிமீட்டரில் பொருந்தியது. தூணும் புதுசுபோல் பளிச்சென்று இருந்தது.

"இந்த லைன்லயே லட்சணமான தூண் இதான்" என்று தட்டிக் கொடுத்தான்.

அந்தப் பகுதியில் தோண்டும் இயந்திரத்துக்குச் சைகை காட்ட நின்றவன் அவனுடைய தங்கை கணவன். மில்லிமீட்டர்தான் சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தான். தங்கைக்கு அரை மனசு.

"குழிக்குப் பக்கத்துல நிக்கிற வேலையாண்ணா?"

"நான் குறிச்சுக் குடுக்கற கோட்டுலதான் குழியே விழும். உன் வீட்டுச் சமையக்கட்டவிட அங்க பாதுகாப்பு அதிகம். உன் சமையலத் தின்னவன் நான், எனக்குத் தெரியாதா?"

முதல் முளை, ஐந்தாவது முளை, பத்தாவது முளை. கேபிளின் வாசனைகூட இல்லை. பன்னிரண்டாவது முளையில், வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, இயந்திரத்தின் வாளி கேபிளைப் பிடித்து இழுத்தது. கூண்டுக்குள் இருந்த ஓட்டுநர் தப்பித்தார். வாளிக்குள் என்ன வருகிறது என்று விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பது சைகை காட்டுபவனின் வேலை. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

*

ஆறாவது நாள் மருத்துவமனையில், தீக்காயப் பிரிவின் வராந்தாவில், தங்கை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு கண்ணுமே வராதுன்னு சொல்லிட்டாங்க. வலது கையில ரெண்டு விரல் மிஞ்சும்" என்றாள், மளிகைச் சாமான் பட்டியல் சொல்வதுபோல. "காலையில சைட்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. கொடியத் தாண்டி மெஷின விட்டது இவருதானாம். நாளைக்கு அறிக்கை போகுதாம். கேசு இவரு மேலதான் வருமாம். கண்ணு போனவரு மேல எதுக்குண்ணா கேசு? எங்க ஓடிரப் போறாரு?"

அவன் உள்ளே போனான். கட்டுக்கு வெளியே மாப்பிள்ளையின் வாயும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன.

"மச்சானா? பவுடர் வாசனை வருதே."

"நான்தான் மாப்ள."

"மச்சான், ஒண்ணு கேக்கணும். கொடிக்கு ரெண்டு மீட்டர் இந்தப் பக்கம்தான மெஷின் இருந்துச்சு? நான் பாத்துட்டுத்தான இருந்தேன்? இவங்க சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாப் போச்சு. இனிமே போய்ப் பாக்கவும் முடியாது."

மில்லிமீட்டர் கட்டிலில் நழுவிக் கிடந்த போர்வையை நேராக இழுத்துவிட்டான்.

"கொடியெல்லாம் இருக்குல்ல அங்க?"

"எரிஞ்சு போச்சு. கேபிள்காரங்க தோண்டுனதுல முளையும் போயிருச்சு."

"அட, உங்க தூணாவது இருக்கா? அது மேல சாஞ்சு சாப்பிட்டேன் அன்னைக்கு. நீங்க முளை அடிச்ச மொத நாள். பேன்ட் பூரா ஈர சிமென்ட். உங்க தங்கச்சி அந்தக் கறையத் தேய்ச்சுத் தேய்ச்சு என்னை வறுத்தெடுத்துட்டா." சிரிக்க முயன்று, வலியில் நிறுத்தினான். "உங்க ஆளுங்க அவ்வளவு அக்கறையா பூசி வெச்சிருந்தாங்க."

அவனுடைய ஆட்கள் எவரும் எந்தத் தூணையும் பூசவில்லை. தூண் நட்டு ஏழு மாதம் ஆகிறது.

வராந்தாவுக்கு வந்தபோது கைபேசி அடித்தது. அக்கா. தொண்ணூறாவது கிலோமீட்டரில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாப்பத்தொண்ணுல மூணாம் புள்ளி பாத்தியா?"

"ஃபார்ம்ல இருக்குல்லக்கா. எட்டு."

"ஃபார்ம்ல இருக்கிறது எனக்குத் தெரியும். நான் ஃபார்மக் கேக்கல, உன்னைக் கேட்டேன்."

எதிர்முனையில் காற்று அடிப்பது கேட்டது.

"விசாரணைக்காரங்களுக்குக் காகிதம் போதுமாம். எட்டுன்னு இருக்கு, அப்ப முளை சரி, அப்ப சைகை காட்டினவன் தப்பு. கணக்கு முடிஞ்சுது. நாளைக்குக் காலையில புதுக் கேபிளுக்காக அந்தத் தூணையும் பேத்துருவாங்க. நான் வந்து சேர ராத்திரி ஆகும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

*

மதியம் இரண்டு மணிக்கு அவன் நாற்பத்தோராம் தூணின் முன் நின்றான். பூச்சு இப்போது காய்ந்து வெளுத்திருந்தது. ஐந்தடி தள்ளி, வலப்பக்கம், தரையில் ஒரு சதுரப் பள்ளம். மண் தள்ளும் டோசரின் சங்கிலித் தடம் அதன்மேல் ஏறிப் போயிருந்தது. யாரோ ஒரு டோசர்காரர் தூணைச் சாய்த்திருக்கிறார். திட்டு வாங்கக் கூடாது என்று மண் நல்லதாய்த் தெரிந்த இடத்தில் மறுபடி நேராக நட்டு, அக்கறையாகப் பூசியும் வைத்திருக்கிறார். கேபிள் பக்கமாக. பக்கவாட்டில் நகர்ந்ததால் பின் தூணுக்கான தூரம் மாறவேயில்லை. கருவி அதனால்தான் மூச்சுவிடவில்லை.

பூமி நகர்ந்திருந்தது. அவன் சொன்னது சொன்னபடி.

பிரிசம் பிடிப்பவரை அவன் அழைக்கவில்லை. தானே முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, தொள்ளாயிரம் மீட்டர் நடந்து, நாற்பத்திரண்டாம் தூணில் பிரிசத்தை நட்டு, குமிழை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பினான். பிறகு எதிர்த்திசையில் நடந்து நாற்பதில் இன்னொன்று. வெயிலில் ஹெல்மெட் பிசுபிசுத்தது. கருவியை ஊசிக்கு நேராக நிறுத்திப் பின் தூணைப் பார்த்தான். தூரம் இரண்டு மில்லிமீட்டரில் பொருந்தியது, அன்றைக்குப் போலவே. முன் தூணுக்குத் திருப்பினான்.

மூன்று மீட்டர் இருநூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம்.

தொள்ளாயிரம் மீட்டரில் மூன்றே கால் மீட்டர் விலகல் என்றால் தூணடியில் அதில் பாதி, அந்த ஐந்தடி. போகப் போகக் கூடி, பன்னிரண்டாம் முளையில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். குழியின் பாதி அகலம் ஒரு மீட்டர். கூட்டினால் மூன்று. கேபிள் மூன்றில். மாப்பிள்ளை பார்த்து நின்ற மஞ்சள் கொடி கேபிளுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. அவன் கொடியைத் தாண்டவேயில்லை.

ஃபார்மை எடுத்தான். அழிப்பான் கூடாது, தப்பான எண்ணை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும் என்பது திட்டத்தின் முப்பத்திரண்டாம் பக்கம். அதையும் அவன் கேலி செய்திருந்தான். இப்போது எட்டின்மேல் ஒரே கோடு போட்டான். எட்டு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் 'அன்று பார்க்கவில்லை' என்று எழுதினான். கீழே இன்றைய தேதி, நேரம், 3.214, தன் முழுப் பெயர், கையெழுத்து. படம் பிடித்து விசாரணைக்காரர்களுக்கும் அக்காவுக்கும் அனுப்பினான்.

அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது.

"ஒரு தடவை பாத்தது போதாது தம்பி."

அவன் கருவியைத் தூணிலிருந்து இறக்கினான். மறுபடி ஏற்றி, குமிழை நடுவில் கொண்டுவந்து, பின் தூணைத் தேடிக் குனிந்தான்.